எல்லாரும் குறைத்தால் நானும் குறைக்கிறேன்

நிலத்தடி நீர் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினாலும் கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து, “மனுஷனுக்குப் பேராசை, அது போகாதவரைக்கும் எதுவும் மாறாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கூட்டமும் தலையாட்டும். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருக்கும். கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வற்றிப்போன கிணறுகளின் சொந்தக்காரர்கள் நிறையப் பேரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பேராசைக்காரர் என்று சொல்லத்தக்கவர்கள் அவர்களில் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள், நிதானமானவர்கள், பிள்ளைகள் காலத்திலும் அந்தத் தண்ணீர் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். அப்படிப்பட்டவர்களே சேர்ந்து, தங்களுக்குக் கீழே இருந்ததை வற்ற அடித்திருந்தார்கள். பேராசை என்று சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்துபோனது மாதிரி தோன்றுகிறது. எனக்கோ விளங்க வேண்டியது எல்லாம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது என்று தோன்றும்.

இந்த விஷயத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின். 1968இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் எழுதிய பொதுவளத்தின் அவலம் பற்றிய கட்டுரையும், அதில் வரும் பொது மேய்ச்சல் நிலமும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஹார்டினுடைய மேய்ப்பன் பேராசை பிடித்தவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கூடுதலாக ஒரு மாட்டை விட்டால் வருமானம் முழுக்க அவனுக்கு, புல் குறைவதால் வரும் இழப்போ எல்லாருக்கும் பங்கு. இந்த ஒரே ஒரு ஏற்பாடு போதும், நல்லவர்களும் நிலத்தை மொட்டையாக்கிவிடுவார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கதையில் மேய்ப்பர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. ஏன் பேசவில்லை, பேசினால் என்ன ஆகும், எது அவர்களைப் பேசவிடாமல் தடுக்கிறது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. நிலத்தடி நீரில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இருபது கிணறுகளின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, அடியில் மணலும் சரளையும் கலந்த படுகை என்று வைத்துக்கொள்வோம். படுகை முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தாலும் அதில் எல்லாமே கிணற்றுக்கு வந்துவிடாது. மண்துகள்களில் ஒட்டிக்கொண்டது போக, வடிந்து வருவது படுகையின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். மணல், சரளைக்கு இது அதிகமில்லாத மதிப்பீடுதான். வருடத்துக்கு மழையால் உள்ளே இறங்குவது 1,00,000 கன மீட்டர் என்றால், யாரும் எடுக்காத வருடத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறும். இருபது கிணறுகள் ஆளுக்கு 5,000 கன மீட்டர் எடுத்தால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

இப்போது எல்லாரும் 8,000 எடுக்கிறார்கள். மொத்தம் 1,60,000. வருடத்துக்கு 60,000 கன மீட்டர் பற்றாக்குறை, அதாவது நீர்மட்டம் வருடா வருடம் 60 சென்டிமீட்டர் கீழே போகும். இருபது பேரில் ஒருவர் மட்டும் மனசாட்சியோடு 5,000க்கு இறங்கி வருகிறார். என்ன நடக்கும்? நீர்மட்டம் 60 சென்டிமீட்டருக்குப் பதிலாக 57 சென்டிமீட்டர் இறங்கும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் மற்றவர்களுடைய கிணற்றில் எவ்வளவோ அவருடைய கிணற்றிலும் அவ்வளவே இறங்கியிருக்கும்: 6 மீட்டருக்குப் பதிலாக 5.7 மீட்டர். அந்த 30 சென்டிமீட்டருக்காக அவர் பத்து வருடமும் தன் தண்ணீரில் எட்டில் மூன்று பங்கை விட்டுக்கொடுத்திருப்பார். அவர் விட்டுவைத்த தண்ணீர் அவருக்காக அங்கே காத்திருக்கவும் செய்யாது. நிலத்தடியில் வேலி கிடையாது. பக்கத்தில் மட்டம் இறங்கினால் அந்தப் பக்கம் போய்விடும்.

கடினப் பாறைப் பகுதியாக இருந்தால் இன்னும் மோசம். பாறை வெடிப்புகளில் மட்டும் தண்ணீர் நிற்கிற இடத்தில் வடிந்து வருவது நூற்றில் ஒன்று, இரண்டு பங்குதான். அதே 60,000 கன மீட்டர் பற்றாக்குறை, இரண்டு பங்கு என்ற கணக்கில், நீர்மட்டத்தை ஒரே வருடத்தில் 3 மீட்டர் இறக்கிவிடும். அங்கே யோசிப்பதற்கு அவகாசம்கூடக் கிடைக்காது.

இந்தக் கணக்கில் பேராசை எந்த இடத்தில் வருகிறது? எனக்குத் தெரியவில்லை. குறைத்துக்கொள்ள மனமிருக்கிறவருக்கும் குறைப்பதற்கான காரணத்தை இந்த ஏற்பாடு தருவதில்லை. மற்ற பத்தொன்பது பேரும் குறைப்பார்கள் என்று நம்ப முடிந்தால் மட்டுமே அவருடைய தியாகத்துக்கு அர்த்தம் வரும். அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும் என்பதுதான் உண்மையான கேள்வி.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

நம்பிக்கை வராமல் போவதற்கு நிலத்தடி நீரின் இயல்பும் ஒரு காரணம். ஒரு கிணற்றில் மோட்டார் ஓடும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு வடிவத்தில் குழிந்துபோகும். பக்கத்தில் இருக்கும் கிணறு அந்தக் கூம்புக்குள் விழுந்தால் அதிலும் மட்டம் இறங்கும். மோட்டாரை நிறுத்தினால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ கூம்பு நிரம்பி, பழைய மட்டம் ஏறக்குறையத் திரும்பிவிடும். இது கிணறுகளுக்குள் நடக்கும் இடையூறு. உடனே தெரியும், சண்டையும் உடனே வரும். “அவன் மோட்டாரைப் போட்டதும் என் கிணறு காத்து வாங்குது” என்பதை நான் கேட்காத இடமில்லை. அது உண்மைதான். ஆனால் படுகையே வற்றுவது வேறு விஷயம். அது வருடத்துக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று மெதுவாகப் போகும். நல்ல மழை பெய்த வருடத்தில் கொஞ்சம் ஏறி ஆறுதல் தரும். யாருடைய மோட்டாரையும் கைகாட்டிச் சொல்ல முடியாது. மனிதர்கள் முதல் பிரச்சினைக்காக ஆயுளுக்கும் பேசாமல் இருப்பார்கள். இரண்டாவதுக்காக ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்ப்பதுகூடக் கிடையாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஓய்வில் இருக்கும் கிணற்றை அளப்பது. மோட்டார் ஓடுகிறபோதோ நிறுத்திய உடனேயோ அளந்தால் கிடைப்பது அந்தக் கிணற்றின் அன்றைய நிலைமை மட்டுமே. யாரும் இறைக்காத ஒரு கிணற்றைத் தேர்ந்துகொண்டு, மழைக்காலம் முடிந்து மட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒருமுறை, அடுத்த மழைக்கு முன்னால் மறுபடி ஒருமுறை என்று வருடா வருடம் அளக்க வேண்டும். கோடையில் எவ்வளவு இறங்கியது என்று எல்லாரும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது மழைக்குப் பிந்தைய உச்சத்தை. சுமாரான மழை பெய்த வருடங்களிலும் அந்த உச்சம் முந்தைய உச்சத்தைத் தொடாமல் படிப்படியாகக் கீழே வந்துகொண்டிருந்தால், எடுப்பது ஊறுவதை மீறிவிட்டது என்று அர்த்தம். கிணறு வற்றுவதற்குப் பல வருடம் முன்பே இது தெரிந்துவிடும். வேதனை என்னவென்றால், இந்த வரைபடம் பெரும்பாலும் ஏதோ ஒரு அலுவலகத்தில் இருக்கும், கிணற்றுக்காரர்களிடம் இருக்காது. அவர்களிடம் இருப்பது தங்கள் தங்கள் கிணற்றின் கதை மட்டும். அந்தக் கதையை வைத்துக்கொண்டு ஒருவர் செய்யக்கூடிய ஒரே காரியம் இன்னும் ஆழமாகத் தோண்டுவது. ஆழப்படுத்துவதால் படுகையில் ஒரு சொட்டுக்கூடக் கூடுவதில்லை. அதே தண்ணீருக்கு இன்னும் நீளமான குழாய், அவ்வளவுதான். ஆழப்படுத்தப் பணம் இல்லாதவர் முதலில் ஆட்டத்தை விட்டு வெளியே போகிறார்.

பசடேனாவின் வழக்கு

இந்த இடத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் ரேமண்ட் படுகை என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 40 சதுர மைல். தெற்கே ஒரு நிலப்பிளவு தண்ணீரை அணைபோல நிறுத்திவைக்கிறது, அதனால் எல்லை ஓரளவு தெளிவு. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உப்பு நீர் பயமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே எடுப்பது ஊறுவதைவிட அதிகமாக இருந்தது. நகராட்சிகளும் தண்ணீர் நிறுவனங்களும் ஆளாளுக்கு இறைத்தார்கள். அவர்களில் பெரியது பசடேனா நகரம். மற்ற எல்லாரும் சேர்ந்து எடுப்பதற்கு ஏறக்குறையச் சமமாக அது ஒன்றே எடுத்தது. தன்னந்தனியாக வெள்ள நீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கியும் பார்த்தது. இறங்கிய தண்ணீரை மற்றவர்களும் இறைத்தார்கள். பேசித் தீர்க்கலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. கடைசியில் 1937இல் அல்ஹாம்ப்ரா நகரத்தின் மீதும் இன்னும் 29 பேர் மீதும் வழக்குப் போட்டது.

ஏன் பேச்சு நடக்கவில்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய சட்டப்படி நிலத்தடி நீரில் இரண்டு வகையான உரிமை இருந்தது. நிலத்துக்கு மேலே சொந்தக்காரராக இருந்து அந்த நிலத்திலேயே பயன்படுத்துபவருக்கு ஒரு உரிமை. எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு, நகரத்துக்கு விநியோகிப்பவருக்கு, இன்னொன்று. பற்றாக்குறை வந்தால் முதல் வகையினருக்கு முன்னுரிமை. இரண்டாம் வகைக்குள் முதலில் வந்தவருக்கு முன்னுரிமை, கடைசியில் வந்தவர் முழுதாக இழக்க வேண்டும். ஆனால் படுகை வற்றிக்கொண்டிருக்கும்போது ஐந்து வருடம் தொடர்ந்து, வெளிப்படையாக, மற்றவருடைய உரிமைக்கு எதிராக எடுத்திருந்தால் அனுபவ பாத்தியதை, அதாவது நாள்பட எடுத்ததாலேயே உண்டாகும் உரிமை, வந்துவிடும். எந்த வருடத்திலிருந்து படுகை வற்றத் தொடங்கியது, யார் எப்போது வந்தார், யாருடையது எந்த வகை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும், வழக்கு தனக்குச் சாதகமாக முடிந்தால் எதையும் இழக்க வேண்டியதில்லை, எதிராக முடிந்தால் எல்லாமே போய்விடும் என்ற நிலை. அப்படி இருக்கும்போது யார் முதலில் போய் “நான் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்” என்பார்கள்? குறைத்தால் அதையே உரிமை இல்லாததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக்கூடும். சட்டமே இறைக்கச் சொல்லி நெருக்கியது.

திருப்பம் வந்தது ஒரு அறிக்கையால். நீதிமன்றம் உண்மை நிலவரத்தைக் கண்டறியும் பொறுப்பை மாநில நீர்வளப் பிரிவிடம் விட்டது. அவர்கள் சில வருடம் எடுத்துக்கொண்டு படுகையின் எல்லை, நிலவமைப்பு, மழை, ஓடைகள், ஒவ்வொருவரும் இறைத்த அளவு என்று அத்தனையையும் சேர்த்து, 1943இல் முடிவைச் சொன்னார்கள். படுகை தாங்கக்கூடியது வருடத்துக்கு 21,900 ஏக்கர்-அடி. எடுப்பது 29,400 ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 1,233 கன மீட்டர், ஆக இவை ஏறக்குறைய 2.7 கோடி, 3.6 கோடி கன மீட்டர். அறிக்கைக்கு ஆன செலவையும் கட்சிக்காரர்களே ஏற்க வேண்டியிருந்தது. பேச்சுக்கே வராத அதே ஆட்கள் ஏறக்குறைய ஆறே மாதத்தில் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரே ஒரு தண்ணீர் நிறுவனம் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

அந்த ஆறு மாதத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மனிதர்கள் மாறிவிடவில்லை. பேராசை இருந்திருந்தால் அது அப்படியேதான் இருந்தது. மாறியது இரண்டு. முதலாவது, எல்லாருடைய கையிலும் ஒரே எண். அது எதிராளியின் நிபுணர் சொன்னதில்லை, தன் நிபுணர் சொன்னதும் இல்லை. அதுவரை “வறட்சி, அடுத்த மழையில் சரியாகிவிடும்” என்று சொல்ல இடமிருந்தது, இப்போது இல்லை. இரண்டாவது, அவர்கள் கண்டுபிடித்த பங்கீட்டு முறை. யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வியையே ஒதுக்கிவைத்தார்கள். படுகை வற்றிக்கொண்டிருந்த காலம் முழுக்க எல்லாரும் எல்லாருடைய உரிமையையும் மீறித்தான் எடுத்திருக்கிறோம், ஆகவே எல்லாருக்கும் எல்லாருக்கு எதிராகவும் பாத்தியதை உண்டு, எனவே எல்லாரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்வோம் என்றார்கள். வழக்குப் போடுவதற்கு முன் தொடர்ந்து ஐந்து வருடம் ஒருவர் அதிகபட்சமாக எடுத்த அளவு அவருடைய கணக்கு, மொத்தம் 21,900க்குள் அடங்கும்படி அதிலிருந்து எல்லாருக்கும் வெட்டு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனது. இதற்கு முன் எல்லாமா, ஒன்றுமில்லையா என்று இருந்த பயம் போய், இவ்வளவுதான் போகும் என்று தெரிந்த ஒரு வெட்டு வந்தது. தெரிந்த வெட்டை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள்.

நீதிபதி அந்த ஒப்பந்தத்தையே தீர்ப்பாக்கினார். கையெழுத்துப் போடாத நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1949இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. ஒரு கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். ஒவ்வொருவரும் எவ்வளவு எடுத்தார் என்று அளந்து, வருடா வருடம் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும், செலவை இறைப்பவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அண்டைவீட்டார் எடுக்கும் அளவு அண்டைவீட்டாருக்குத் தெரிகிறது. என் இருபது கிணற்றுக் கணக்கில் அந்த ஒற்றை மனிதருக்கு இல்லாமல் இருந்தது இதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிக்கும். 1955இல் மறுபடி ஆராய்ந்து, படுகை தாங்கும் அளவை 30,622 ஏக்கர்-அடியாக உயர்த்தினார்கள். அப்படியானால் முதல் எண் ரொம்பக் குறைவு. அதனால் அந்த ஒப்பந்தம் வீண் என்று யாராவது சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நிலத்தடி நீரில் எந்த எண்ணும் கூடக்குறையத்தான் இருக்கும். துல்லியமான எண் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாரும் ஏற்றுக்கொண்ட, திருத்த வழியுள்ள ஒரு எண் கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

கடலோரத்தில் வேறு கதை

ரேமண்ட் எளிய படுகை. ஏறக்குறைய எல்லாரும் ஒரே நிலைமையில் இருந்தார்கள். பக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கடலோரத்தில் இருக்கும் மேற்குப் படுகை அப்படி இல்லை. சுமார் 500 பேர் இறைத்தார்கள். நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது, கடல் உள்ளே வரத் தொடங்கியது. கடலோரப் படுகையில் இது பெரிய ஆபத்து. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் உப்பு நீரைத் தள்ளி நிறுத்தும் என்பது பழைய கணக்கு. அதாவது மேலே ஒரு மீட்டரை இழந்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரலாம். உப்பு ஏறிய கிணறு வற்றிய கிணற்றைவிட மோசம், மழை வந்தாலும் சீக்கிரம் திரும்பாது. ஆனால் இந்த ஆபத்து கடற்கரையை ஒட்டியவர்களுக்கு முதலில் வருகிறது, உள்ளே இருப்பவர்களுக்குப் பல வருடம் கழித்து. ஹாதோர்ன் நகரம் உள்ளே இருந்தது, பிறகு வந்த ஒப்பந்தத்தில் கடைசிவரை சேரவில்லை.

இங்கே 1952இல் வந்த அறிக்கை இடியாக விழுந்தது. எடுப்பது 90,000 ஏக்கர்-அடி, தாங்குவது 30,000. மூன்றில் இரண்டு பங்கை வெட்ட வேண்டும். உண்மை எண் கையில் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் எனக்கும் இந்த இடத்தில் உடைந்துபோகிறது, ஏனென்றால் அங்கே அந்த எண்ணை யாரும் ஏற்கத் தயாராக இல்லை. அவர்கள் செய்தது வேறு. இவ்வளவு குறைக்க முடியும் என்று தங்களுக்குள் ஒரு அளவைப் பேசி, 1955இல் இடைக்கால ஒப்பந்தம் ஒன்று எழுதினார்கள். அதன் உயிர் ஒரு நிபந்தனையில் இருந்தது: மொத்த உரிமையில் 80 சதவீதத்தை வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். முதல் கையெழுத்துப் போடுகிறவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. மற்றவர்கள் வரவில்லை என்றால் அவரும் குறைக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் கைதூக்கி “நான் குறைக்கிறேன்” என்று சொல்வதற்கும் “எல்லாரும் குறைத்தால் நானும் குறைக்கிறேன்” என்று எழுதிக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. முதலாவதுக்குத் தியாகி வேண்டும். இரண்டாவதைச் சாதாரண மனிதரால் செய்ய முடியும்.

1961இல் வந்த இறுதித் தீர்ப்பு மொத்தத்தை 64,064 ஏக்கர்-அடியில் நிறுத்தியது. கூட்டிக்கழித்துப் பார்ப்பவர்கள் கேட்பார்கள், இது 30,000க்கு இரண்டு மடங்குக்கும் மேல் அல்லவா? ஆமாம். மீதியை வெளியிலிருந்து வந்த தண்ணீர் ஈடுகட்டியது. கொலராடோ ஆற்றிலிருந்து வரும் நீர் அங்கே கிடைத்தது. 1959இல் இறைக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கும் கட்டணம் வசூலிக்கும் ஒரு நீர்நிரப்பு மாவட்டத்தை உருவாக்கி, அந்தப் பணத்தில் தண்ணீர் வாங்கி நிலத்துக்குள் இறக்கினார்கள். கடலோரம் வரிசையாகக் கிணறுகள் போட்டு நன்னீரை உள்ளே செலுத்தி, உப்பு நீருக்கு எதிராக ஒரு தண்ணீர்ச் சுவரே கட்டினார்கள். இந்தப் படுகையைப் பற்றித்தான் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் 1965இல் தன் முனைவர் பட்ட ஆய்வை எழுதினார். பொதுவளம் என்றால் ஒன்று அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டே வழிப் பேச்சுக்கு அவர் பிற்காலத்தில் கொடுத்த பதிலின் வேர் அங்கே இருக்கிறது. 2009இல் பொருளாதார நோபல் அவருக்கு வந்தது.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்பவர்களோடு எனக்கு வருத்தம் உண்டு. தூரத்து ஆற்றிலிருந்து தண்ணீர் வராமல் இருந்திருந்தால் மேற்குப் படுகை என்ன ஆகியிருக்கும் என்பதை அவர்கள் கேட்பதில்லை. கொலராடோ ஆறும் ஒரு பொதுவளம்தான். ஒரு பொதுவளத்தின் நெருக்கடியை இன்னொன்றின் தலையில் வைத்த பங்கும் அந்த வெற்றியில் இருக்கிறது.

யார் எவ்வளவு குறைப்பது

இன்னொரு வருத்தம் பங்கீட்டைப் பற்றியது. பழைய இறைப்பை வைத்து உரிமை கொடுத்தால், அதிகம் இறைத்தவருக்கு அதிகம் கிடைக்கிறது. என் கணக்கில் மனசாட்சியோடு 5,000க்கு இறங்கி வந்தவர் இருக்கிறாரே, அவருக்கு இந்த முறை தண்டனைதான். மற்றவர்கள் 8,000லிருந்து வெட்டப்படுவார்கள், அவர் 5,000லிருந்து வெட்டப்படுவார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டு என்றால் அவர்களுக்கு 5,300க்கு மேல் நிற்கும், அவருக்கு 3,300 சொச்சம்தான். படுகை வற்றட்டும் என்று விட்டவர்களைவிட, வற்றக்கூடாது என்று நினைத்தவர் குறைவாகப் பெறுகிறார்.

இது நியாயப் பிரச்சினையாக மட்டும் நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரேமண்ட் தீர்ப்பு வெளியானதும் மற்ற படுகைகளில் இருந்தவர்களும் அதைப் படித்தார்கள். நாளைக்கு நம் படுகையிலும் வழக்கு வரும், அப்போது பழைய கணக்குப்படிதான் பங்கு, அதனால் இப்போதே முடிந்தவரை இறைத்து வைப்போம் என்று ஓட்டம் தொடங்கியது. அவலத்தை நிறுத்தக் கண்டுபிடித்த விதியே வேறு இடத்தில் அவலத்தை விரட்டியது. வெளித் தண்ணீரை வாங்கிப் பயன்படுத்தி, அதற்காக இறைப்பதைக் குறைத்துக்கொண்டவர்களுடைய பழைய உரிமை போகாது என்று கலிஃபோர்னியா பிறகு சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. 1975இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் ஃபெர்னாண்டோ நகரத்துக்கும் இடையிலான வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இந்த விதி இறைக்கும் போட்டியைத் தூண்டக்கூடியது என்று சுட்டிக்காட்டி, அதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட முடியாது என்றது.

ரேமண்டில் 31 பேர். மேற்குப் படுகையில் 500 பேர். ஆயிரக்கணக்கில் சிறு கிணறுகள், மீட்டர் எதுவும் கிடையாது, வெளியிலிருந்து வாங்கத் தண்ணீரும் இல்லை என்றால் இந்த வழி அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு கிணற்றையும் அளப்பதற்குப் பதில், பொதுவான சில கிணறுகளின் மழைக்குப் பிந்தைய உச்சத்தை எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைத்து, அந்த வருடம் எவ்வளவு பரப்பில் தண்ணீர் அதிகம் கேட்கும் பயிர் வைப்பது என்று சேர்ந்து முடிவுசெய்யலாம். இறைத்ததை மறைக்கலாம், நட்ட பயிரை மறைக்க முடியாது. ஒருவருக்கொருவர் சரிபார்க்கக்கூடிய எதை வைத்தும் நிபந்தனை ஒப்பந்தம் எழுத முடியும். சரிபார்க்க முடியாததை வைத்து எழுதினால் அது முதல் கோடையைத் தாண்டாது.

ஆனால் எந்த முறையாக இருந்தாலும், பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே ஒன்றை முடிவுசெய்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. எந்த வருடங்களின் கணக்கு அடிப்படை என்பதை முதலில் எழுதிவிட வேண்டும், அந்த வருடங்கள் கூட்டம் கூட்டும் செய்தி வெளியே போகும் தேதிக்கு முந்தியவையாக இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு யார் கூடுதலாக இறைத்தாலும் பங்கு கூடாது, முன்கூட்டியே குறைத்துக்கொண்டவர் அளவு அவர் குறைப்பதற்கு முன் எடுத்ததாகவே எழுதப்பட வேண்டும். இதைச் செய்யாமல் “நிலத்தடி நீரைப் பங்கிடப் போகிறோம், எல்லாரும் வாருங்கள்” என்று அறிவித்தால், கூட்டம் நடக்கும் நாளுக்குள் எல்லா மோட்டாரும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும்.